எண்ணெய்க் கடைக்கு ஒரு பக்கச் சொல் வழிகாட்டி: மூன்று வடிவங்களில் எது வேலைக்கு ஆகும்?

காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு குடும்பத்துக்கு நாலு வருடமாக விளம்பர வாசகம் எழுதித் தருகிறேன். என் கைக்கு வருவது பாட்டில் லேபிளும் மாதத்துக்கு ஒன்றிரண்டு விளம்பரமும்தான். இன்ஸ்டாகிராம் பதிவுகளைக் கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சி போடுகிறது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பதில் சொல்வது முதலாளியின் மகள். கடை வாசல் பேனருக்கு வாசகம் எழுதுவது பிளெக்ஸ் அடிப்பவரேதான். அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவராகவே எழுதிவிடுவார்.

போன ஐப்பசியில் முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, லேபிள்ல ஒரு மாதிரி இருக்குது, இன்ஸ்டாகிராம்ல வேற மாதிரி இருக்குது, பாப்பா வாட்ஸ்அப்ல அனுப்பறது தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குது. படிக்கிறவங்களுக்கு நாலு கடைன்னு தோணாதுங்களா? எந்த வார்த்தை போடணும், எது கூடாதுன்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிடறோம்."

கேட்டது சரிதான். ஒரு பக்கம் என்று அவர் போட்ட எல்லையும் சரி. முப்பது பக்க வழிகாட்டியை ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்த பையன் திறந்துகூடப் பார்க்க மாட்டான். ஆனால் அந்த ஒரு பக்கத்தை எப்படி அமைப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம். இந்தத் தொழிலில் மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. ஒன்று, நம் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாலைந்து குணங்களாகச் சொல்வது: எளிமை, அன்பு, நேர்மை என்று. இரண்டு, முதலாளி கேட்டதேதான்: இடப்பக்கம் பயன்படுத்த வேண்டிய சொற்கள், வலப்பக்கம் தவிர்க்க வேண்டியவை. மூன்று, தவிர்க்க வேண்டிய சொல், அதற்குப் பதில் என்ன, ஏன் என்று பக்கத்தில் பக்கமாக மூன்று பத்திகள் போட்டு, அடியில் இரண்டு மூன்று முழு வாசகங்களை மாற்றி எழுதிக் காட்டுவது.

மூன்றையும் அரைகுறையாக எழுதி, ஒரே செய்தியை மூன்றிலும் ஓட்டிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டது முதலாளியின் மகள் உண்மையிலேயே அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தி:

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, தவிர்க்க முடியாத காரணங்களால் தங்களது ஆர்டர் விநியோகம் தாமதமாகியுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு வேண்டுகிறோம்."

இதை அவள் வேண்டுமென்றே விறைப்பாக எழுதவில்லை. தமிழில் மரியாதையாக எழுத வேண்டும் என்றால் நம்மில் பலருக்கும் பள்ளிக்கூட விடுப்புக் கடிதமும் மின்வாரிய அறிவிப்பும்தான் கைக்கு வருகின்றன.

முதலில் குணப் பட்டியலை மட்டும் அவளிடம் கொடுத்து, திருத்தி எழுதச் சொன்னேன். வந்தது இது: "வணக்கம் அன்பு உறவே! உங்கள் மீதுள்ள அக்கறையோடு நேர்மையாகச் சொல்கிறோம், உங்கள் ஆர்டர் சற்றுத் தாமதமாகிறது. உங்கள் அன்புக்கு நன்றி!" பட்டியலில் 'அன்பு' என்று இருந்ததால் செய்தியிலும் இரண்டு இடத்தில் அன்பு வந்துவிட்டது. நேர்மையும் அப்படியே. ஆனால் எண்ணெய் எப்போது வரும் என்பது மட்டும் இல்லை. குணங்களைப் படிப்பவர் அதே குணத்தின் பெயரை வாசகத்துக்குள் ஊற்றிவிடுகிறார். அனுபவப்பட்டவர்களிடமே இது நடக்கும். அதோடு 'எளிமை, அன்பு, நேர்மை' என்பதை எந்தக் கடையின் சுவரில் ஒட்டினாலும் பொருந்தும். கொடுமைக்காரராக, குழப்பமாக, பொய்யாகப் பேசுவோம் என்று எந்தக் கடை முடிவெடுக்கும்? எதிர்ப்பக்கத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்றால், அந்தக் குணத்தை எழுதி வைப்பதால் எந்த முடிவும் எடுத்தபாடில்லை.

அடுத்து இரண்டு பத்திப் பட்டியல். 'தவிர்' பக்கம் வாடிக்கையாளரே, தங்களது, விநியோகம், நல்குமாறு. 'பயன்படுத்து' பக்கம் உங்கள், டெலிவரி, சொல்லுங்கள், அனுப்புகிறோம். இந்த முறை வந்தது: "வணக்கம், தவிர்க்க முடியாத காரணங்களால் உங்கள் ஆர்டர் டெலிவரி தாமதமாகியுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம். ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." பட்டியலில் இருந்த சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அதை மறுக்க முடியாது. ஆனால் நோட்டீஸ் நோட்டீஸாகவேதான் நிற்கிறது. தமிழில் அந்த வாடை முழுவதும் சொல்லில் மட்டும் இருப்பதில்லை, விகுதியில் ஒட்டியிருக்கிறது: 'ஆகியுள்ளது', 'செய்யப்படும்', 'தொடர்புகொள்ளவும்'. "அழையுங்கள்" என்பதும் "அழைக்கவும்" என்பதும் ஒரே வினைதான்; பட்டியலில் 'அழை' இருந்தால் இரண்டும் தேறிவிடும். கேட்பவருக்கோ ஒன்று கடைக்காரர் பேசுவது, இன்னொன்று பலகை பேசுவது.

மூன்றாவது வடிவத்தில், 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்ற வரிக்கு எதிரே இப்படி எழுதியிருந்தேன்: "உண்மைக் காரணத்தை ஒரே வரியில். எப்போது கிளம்பும் என்ற கிழமை. காத்திருக்க முடியாதவருக்கு மாற்று வழி." ஏன் என்ற பத்தியில்: "காரணத்தை மறைத்தால், பாட்டிலில் இருப்பதையும் மறைப்போம் என்று தோன்றும்." அவள் எழுதியது:

"வணக்கம். மூன்று நாளாக மழை, கடலை காயவில்லை, அதனால் செக்கு ஓட்டவில்லை. உங்கள் 5 லிட்டர் கடலை எண்ணெய் வியாழக்கிழமை கிளம்பும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் சொல்லுங்கள், பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்."

இதில் நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. ஈரக் கடலையை ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துப்போகும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லலாம் என்பதுதான் அதுவரை அவளுக்குத் தோன்றவில்லை.

இதை வைத்து மூன்றாவதே சிறந்தது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, இடம். A4 தாளில் நின்றுகொண்டு படிக்கும் அளவு எழுத்தில், இரண்டு பத்திப் பட்டியல் நாற்பது ஐம்பது சொற்களைத் தாராளமாகக் கொள்ளும். மூன்று பத்தி என்றால் ஒவ்வொரு வரிசையும் இரண்டு மூன்று வரி பிடிக்கும், தமிழ்ச் சொற்களின் நீளமும் சேர்ந்துகொள்ளும். மாதிரி வாசகங்களுக்கு அடியில் இடம் விட்டால் எனக்குப் பதினான்கு வரிசைகள்தான் தேறின. அப்படியானால் எந்தப் பதினான்கு? கேள்வி அங்கே போய் நிற்கிறது.

நான் முதலில் எழுதிய நீண்ட பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது, தவிர்க்க வேண்டிய சொற்கள் ஒரே சாதி இல்லை என்று தெரிந்தது. 'நல்குமாறு' என்று எழுதினால் கடைக்கு நோட்டீஸ் வாடை அடிக்கும், அவ்வளவுதான். 'கொலஸ்ட்ராலை விரட்டும்' என்று எழுதினால் கடைக்கு நிஜமாகவே நோட்டீஸ் வரலாம். சமையல் எண்ணெய்க்கு இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் பெயர் சொல்லியே தடுத்திருக்கும் சொற்றொடர்கள் உண்டு. சூப்பர் ரீஃபைண்டு, டபுள் ரீஃபைண்டு, ஆன்டி கொலஸ்ட்ரால், கொலஸ்ட்ரால் ஃபைட்டர் ஆகியவற்றோடு, இதயத்துக்கு இதமானது என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் தொடரும் அதில் இருக்கிறது. எங்கள் ஏஜென்சி ஒரு பதிவுக்கு எழுதி வைத்திருந்த தலைப்பு "இதயத்துக்கு இதம், நாவுக்கு ருசி". மோனை அழகாக விழுந்திருக்கிறது, நானே ரசித்தேன். விதியில் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்று தமிழில் போட்டுப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை போகலாம்.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பது இன்னும் சுவாரசியம். அது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா எண்ணெய்க்கும் பொதுவான ஒன்றை நம் பாட்டிலுக்கு மட்டும் வாய்த்த சிறப்பு போலச் சொல்வதுதான் பிரச்சினை.

2018ஆம் ஆண்டின் விளம்பரம், உரிமைகோரல் விதிமுறைகள் இயற்கையான, சுத்தமான, பாரம்பரியமான, அசல் போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று தனித்தனியே வரையறுக்கின்றன. சுத்தமானது என்று சொல்ல வேண்டுமானால் அது ஒரே பொருளால் ஆனதாக, வேறெதுவும் சேர்க்காததாக இருக்க வேண்டும். கடலை எண்ணெய்க்குச் சரி. நல்லெண்ணெய்க்கு? எள்ளைச் செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம், இவர்களும் சேர்க்கிறார்கள். அப்புறம் எப்படி 'சுத்தமான நல்லெண்ணெய்' என்று போடுவது? "கருப்பட்டி சேர்த்து ஆட்டியது" என்று எழுதிவிட்டோம். முதலாளிக்கு முதலில் தயக்கம், "கலப்படம்னு நெனச்சுக்குவாங்களோ" என்றார். எனக்கு அது 'சுத்தமான' என்பதைவிட நல்ல வாசகமாகப் படுகிறது. வாசனையே வருகிறது.

'ஆர்கானிக்' என்ற சொல்லுக்குச் சான்றிதழ் வேண்டும். இவர்களிடம் இல்லை, எனவே அந்தச் சொல்லும் இல்லை. 'கடைசி 3 பாட்டில், இன்று மட்டும்' போன்றவற்றுக்கும் இப்போது விதி வந்துவிட்டது. 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்களில், இல்லாத அவசரத்தை இருப்பதுபோலக் காட்டுவது தடுக்கப்பட்ட 13 உத்திகளில் ஒன்று. கிடங்கில் உண்மையிலேயே மூன்றுதான் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

இங்கேதான் இரண்டு பத்திப் பட்டியலின் பெரிய ஓட்டை தெரிந்தது. அதில் 'நல்குமாறு' என்பதும் 'இதயத்துக்கு இதம்' என்பதும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்தில், ஒரே எடையில் நிற்கும். ஏஜென்சிப் பையன் ஒருநாள் 'நல்குமாறு' போட்டுப் பார்ப்பான், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மறுநாள் மற்றதையும் போடுவான். அதனால் மூன்றாவது வடிவத்தில் சட்டம் தொட்ட வரிசைகளுக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புப் பட்டை போட்டேன். ஆறு வரிசைகள் சிவப்பு, எட்டு வெள்ளை. வெள்ளையில் இருப்பதை மீறத் தோன்றினால் என்னைக் கூப்பிட்டு வாதாடலாம். சிவப்பில் வாதம் கிடையாது.

சொல்லைத் தடுத்தால் பொருள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடும், அதையும் சொல்ல வேண்டும். 'ஆரோக்கியம்' கூடாது என்றால் 'உடம்புக்கு நல்லது' வரும், அதைத் தடுத்தால் 'நோய் அண்டாது', அப்புறம் 'டாக்டரே சொல்கிறார்'. இப்படி ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருந்தால் பக்கம் போதாது. அதனால் சிவப்பு வரிசை ஒன்றில் சொல்லே எழுதாமல், "எண்ணெய் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று எந்தச் சொல்லிலும் எழுத வேண்டாம், செக்கிலும் வாணலியிலும் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்" என்று போட்டேன். இரண்டு பத்திப் பட்டியலில் இப்படி ஒரு வரியை நுழைக்க இடமே இல்லை.

பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கான நடை வழிகாட்டியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தவிர்க்க வேண்டிய சொல்லோடு, அது எங்கே சரி என்பதையும் ஒட்டிச் சொல்வார்கள். டெலிவர் என்ற சொல்லைப் பற்றி, பீட்சாவையும் தபாலையும் சேவைகளையும் டெலிவர் செய்யலாம், முன்னேற்றம் போன்ற அருவமானவற்றை முடியாது என்று எழுதியிருப்பார்கள். நான் அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தேன். 'பிழிந்தது' வேண்டாம், எண்ணெயை ஆட்டுவதுதான். ஆனால் தேங்காய்ப்பால் பற்றிய சமையல் குறிப்பில் பிழியலாம். 'பிரித்தெடுக்கப்பட்ட' எங்குமே வேண்டாம், அது ஆலை ரசாயனம் போல ஒலிக்கிறது. 'கோல்ட் பிரஸ்டு' லேபிளின் ஆங்கிலப் பக்கத்தில் மட்டும். 'கசடு' என்ற சொல்லை மறைக்க வேண்டாம்: பாட்டில் அடியில் படிவதைப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போச்சா என்று கேட்பவர்களுக்கு, "அடியில் படிவது கடலைக் கசடு, வடிகட்டித் தெளியவைத்த பிறகும் கொஞ்சம் இருக்கும்" என்று நேராகச் சொல்லலாம். ஏஜென்சி அதை 'இயற்கைப் படிவம்' என்று அழகுபடுத்தியிருந்தது. அழகுபடுத்தியதும் சந்தேகம்தான் கூடும்.

இரண்டு பத்திப் பட்டியலுக்குத்தான் ஒரு இடத்தில் வெற்றி, அது அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பது. பத்து லேபிள் வரைவுகளை முன்னால் வைத்து அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் காரணங்களைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தமிழுக்கு ஒரு திருத்தம் வேண்டும். பட்டியலில் 'சுத்தம்' என்று இருந்து அதையே கணினியில் தேடினால், 'சுத்தமான' கிடைக்காது, 'சுத்தத்தை' கிடைக்காது. மகர ஒற்று வேற்றுமையில் உருமாறிவிடுகிறது. 'மருந்து' என்று தேடினால் 'மருந்தாக' தப்பித்துவிடும், கடைசி எழுத்தில் உகரம் போய் ஆகாரம் வந்துவிட்டது. அதனால் சொல்லின் மாறாத அடியைத்தான் எழுதி வைக்க வேண்டும்: சுத்த, மருந்த, இதய. எல்லா வாசகங்களையும் ஒரு கோப்பில் கொட்டி இப்படித் தேடுகிறேன்:

```
grep -nE 'சுத்த|மருந்த|இதய' vasagam.txt
```

'சுத்த' என்று தேடும்போது 'சுத்தி', 'சுத்திகரிக்காத' எல்லாமும் வந்து நிற்கும். பரவாயில்லை, கண்ணால் பார்த்துத் தள்ளிவிடலாம். தப்பவிடுவதைவிட மேல். இந்த அடிச்சொற்கள் சுவரில் ஒட்டும் தாளில் வேண்டாம், அதன் பின்பக்கத்தில் எனக்காக மட்டும்.

ஆக, யார் கையில் போகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன். எழுதுகிறவர் ஒரே ஆள், அதுவும் முதலாளியே என்றால் இரண்டு பத்தி போதும். காரணம் அவர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாலு கை எழுதுகிறது, அதில் இரண்டு கை கடைப் பக்கமே வராது என்றால் காரணப் பத்தி இல்லாமல் வேலை நடக்காது. குணப் பட்டியலுக்கு நான் எங்கும் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி: "கடையில் நின்று, நம்மைவிட வயதில் மூத்த அக்காவிடம் பேசுவதுபோல." அதிலேயே 'நீங்கள்' வந்துவிடுகிறது, 'தங்கள்' போய்விடுகிறது, குரல் உயர்த்துவதும் அடங்கிவிடுகிறது. 'வாங்குங்க, பாருங்க' என்று பேச்சை அப்படியே எழுதுவதா என்று ஏஜென்சி கேட்டது. இன்ஸ்டாகிராம் வீடியோவில் பேசும்போது சரி, எழுத்தில் 'வாங்குங்கள்' என்றே வைத்தோம். திருநெல்வேலியிலும் கொழும்பிலும் இருந்தும் ஆர்டர் வருகிறது, கொங்குப் பேச்சு எல்லோருக்கும் ஒட்டாது.

பக்கம் சுவரில் ஏறி எட்டு மாதம் ஆகிறது. புது வரிசை சேர்க்க வேண்டும் என்றால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு முறை மாற்றினோம். 'நல்குமாறு' முதலில் போய்விட்டது, இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. அந்த இடத்தில் 'கலப்படமற்ற' வந்திருக்கிறது. அப்படி ஒரு நினைப்பே இல்லாமல் வந்தவருக்கும் அது கலப்படத்தை ஞாபகப்படுத்துகிறது.

பிளெக்ஸ் கடைக்காரரிடம் மட்டும் மூன்று பத்தி செல்லுபடியாகவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு படிக்க நேரமில்லைங்க, என்ன போடணும்னு சொல்லுங்க, என்ன போடக்கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். அவருக்குச் சிவப்பு வரிசைகளிலிருந்து ஆறு சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். போன வாரம் பேனர் வந்தது. ஆறில் ஒன்றுகூட இல்லை. மூன்றடி உயர எழுத்தில் 'மரச்செக்கு எண்ணை' என்று இருந்தது. சீட்டில் ஏழாவதாக 'எண்ணெய்' சேர்த்திருக்கிறேன்.